36.5 சதவீதமா, 57.5 சதவீதமா?

1966 ஜூன் 6ஆம் தேதி இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை ஒரு டாலருக்கு 4.76 ரூபாய், அன்று முதல் 7.50 ரூபாய். ரூபாய் எவ்வளவு சரிந்தது என்று தேடினால், 36.5 சதவீதம் என்றும் இருக்கும், 57.5 சதவீதம் என்றும் இருக்கும். ஒன்று அச்சுப்பிழை என்றுதான் நினைக்கத் தோன்றும். இரண்டுக்குமே கணக்கு சரியாக வருகிறது.

டெல்லியிலிருந்து பார்த்தால் டாலர்தான் சரக்கு, ரூபாய் அதற்கான விலை. 4.76 ஆக இருந்த விலை 7.50 ஆகிவிட்டது; 57.5 சதவீத ஏற்றம். இப்படி, வெளிநாட்டுப் பணம் ஒன்றுக்கு நம் பணம் எவ்வளவு என்று சொல்வது நேரடி முறை. நியூயார்க்கிலிருந்து பார்த்தால் ரூபாய்தான் சரக்கு. 21 சென்டுக்கு விற்ற ரூபாய் 13.33 சென்டுக்கு வந்துவிட்டது; 36.5 சதவீத இறக்கம். நம் பணத்துக்கு வெளிநாட்டுப் பணம் எவ்வளவு என்று இந்தியர் ஒருவர் இதையே சொன்னால், அது மறைமுக முறை.

1ஐ 7.50ஆல் வகுத்தால் 0.1333. எண்ணைத் தலைகீழாக்கிவிடலாம்; சதவீதத்தை அப்படி ஆக்க முடியாது. டாலரின் விலை இரட்டிப்பானால் அது 100 சதவீத உயர்வு. ஆனால் ரூபாய் அப்போது பாதியாகத்தான் குறைந்திருக்கும், அதாவது 50 சதவீதம். ‘ரூபாய் 57.5 சதவீதம் வீழ்ந்தது’ என்று எழுதுபவர் டாலரின் ஏற்றத்தை ரூபாயின் தலையில் கட்டுகிறார்.

நம் வங்கிகளே 1993 ஆகஸ்ட் 1 வரை வாடிக்கையாளர்களுக்கு மறைமுக முறையில்தான் விலை சொல்லிவந்தன: நூறு ரூபாய்க்கு இத்தனை டாலர் என்று. மறுநாளிலிருந்து நேரடி முறை வந்தது. அதோடு கவுன்ட்டரில் பழகிய விதியும் புரண்டது. எடுத்துக்காட்டாக, நூறு ரூபாய்க்கு 3.20, 3.18 என்று இரு விலைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதில் வங்கி டாலர் வாங்கும் விலை பெரிய எண்ணான 3.20. நூறு ரூபாய் கொடுத்தால் அதற்குக் கூடுதல் டாலர் கிடைக்க வேண்டுமே! விற்கும்போது 3.18 தந்தால் போதும். இவற்றையே டாலருக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றினால், வாங்கும் விலை 31.25, விற்கும் விலை ஏறத்தாழ 31.45. இப்போது வாங்குவது சிறிய எண்ணில், விற்பது பெரிய எண்ணில். வங்கியின் லாபம் மாறவில்லை. பழைய பழக்கத்தில் பெரிய எண்ணுக்கு வாங்கியிருந்தால், டாலருக்கு இருபது காசு கையைவிட்டுப் போயிருக்கும்.

லண்டன் இன்றும் ஒரு பவுண்டுக்கு எத்தனை டாலர் என்றே சொல்கிறது. 1971 வரை பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். டாலரின் விலையை அந்தச் சில்லறையில் சொல்வது பெரும் தலைவலி. 1971இல் பவுண்டு 100 பென்ஸ் ஆனது. சொல்லும் முறை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.