திரிகோணாசனம்: படத்தில் எதைப் பார்ப்பது?

முதுகுவலிக்காக யோகாசனம் செய்யத் தொடங்கும் நம் பகுதி சகோதர சகோதரிகள் பலர், ஆசிரியரின் படம் ஒன்றைப் பார்த்து வீட்டிலேயே முயல்கிறார்கள். அப்படிப் பார்க்கும் படங்களில் ஒன்று திரிகோணாசனம். இதற்கு நன்கு அறியப்பட்ட படம், பி.கே.எஸ். அய்யங்கார் 1966-இல் வெளியிட்ட 'லைட் ஆன் யோகா' என்ற நூலில் இருக்கிறது. அந்த நிலையைச் சரியாகப் படித்தால் பலன் உண்டு. தவறாகப் படித்தால் இருந்த வலி கூடும். எனவே அதை இங்கே விளக்குகிறோம்.

முதலில் கால்கள். இரண்டு பாதங்களுக்கும் இடையே மூன்று முதல் மூன்றரை அடி இடைவெளி இருக்கிறது. வலது பாதம் 90 பாகை வெளியே திரும்பியிருக்கிறது. இடது பாதம் சற்றே உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. வலது குதிகாலிலிருந்து ஒரு கோடு இழுத்தால் அது இடது பாதத்தின் நடுவளைவைத் தொடும். இரண்டு முழங்கால்களும் மடங்கவில்லை. வலது முழங்கால் சில்லு, வலது பாதம் காட்டும் திசையையே பார்க்கிறது.

அடுத்து கைகள். வலது உள்ளங்கை கணுக்கால் அருகே இருக்கிறது. இடது கை நேராக மேலே நிற்கிறது. இரண்டு கைகளும் தோள்களும் சேர்ந்து, தரைக்குச் செங்குத்தான ஒரே கோடு. பார்வை மேல் கையின் கட்டைவிரலில்.

பார்ப்பவர் கண் கீழே இருக்கும் கையில்தான் முதலில் விழும். 'கை கணுக்காலைத் தொட வேண்டும்' என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அந்தப் படத்தின் உயிர் முதுகெலும்பில் இருக்கிறது. ஆசிரியரின் முதுகு வளையவே இல்லை. இடுப்பு மூட்டில் சாய்ந்ததால், நீண்ட முதுகு அப்படியே பக்கவாட்டில் இறங்கியிருக்கிறது. தொழுகையில் ருகூவுக்குக் குனியும்போது முதுகைச் சமமாக வைத்து இடுப்பில் மடங்குகிறோம் அல்லவா? அதே மடிப்புதான், அங்கே முன்பக்கம், இங்கே வலப்பக்கம்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் 45 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பின்தொடைத் தசை இறுகியிருக்கும். பாதித் தூரம் சாய்வதற்குள் அது இடுப்பைப் பிடித்து நிறுத்திவிடும். அதற்கு மேலும் கையைக் கணுக்காலுக்குக் கொண்டுபோனால், மீதித் தூரத்தைக் கீழ்முதுகு வளைந்துதான் கொடுக்க வேண்டும். வலி வருவது அங்கேதான். இதைக் கண்டுபிடிப்பது எளிது. இடது விலா குடை போல மேலே உப்பி, வலது இடுப்புப் பக்கம் மடிப்பு விழுந்து சுருங்கினால், கை அளவுக்கு மேல் இறங்கிவிட்டது என்று பொருள்.

அவர் செய்ய வேண்டியது இதுதான். வலது கணுக்காலின் வெளிப்பக்கம் ஓர் அசையாத முக்காலியை வைத்து, கையை அதன் மேல் வைக்கட்டும். இரண்டு விலாப் பக்கங்களும் ஏறக்குறைய ஒரே நீளமாகும் வரை உயரத்தைக் கூட்டலாம். முதுகு தரைக்கு இணையாக இறங்காமல் பாதிச் சாய்வில் நின்றாலும், நேராக இருந்தால் அது சரியான திரிகோணாசனமே.

படம் காட்டாதது ஒன்றும் உண்டு. முன்னிருந்து எடுத்த படத்தில் மேல் தோளும் மேல் இடுப்பும் முன்னால் சரிந்திருப்பது தெரியாது. அதனால் சுவரில் முதுகு படும்படி நின்று செய்யுங்கள். பின்தலை, இரு தோள்கள், பிட்டம் ஆகியவை சுவரோடு இருக்க வேண்டும். இடது தோள் சுவரை விட்டு விலகினால் உடல் முன்னால் சரிகிறது என்று அறியலாம். வழுக்கும் டைல்ஸ் தரையில் காலுறையோடு நிற்க வேண்டாம்.

சமநிலையைச் சோதிக்க, கீழ்க்கையை முக்காலியிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். உடனே வலப்பக்கம் விழப் போனால், எடை கையிலும் முன்காலிலும்தான் இருந்திருக்கிறது. இடது குதிகாலின் வெளிவிளிம்பைத் தரையில் அழுத்தினால் எடை பின்காலுக்கும் பகிரும். வலது முழங்காலைப் பின்னோக்கித் தள்ளிப் பூட்டிவிடாமல், தொடைத் தசையை இறுக்கி மேலே இழுங்கள்.

மூச்சை அடக்காமல் அரை நிமிடம் நின்றால் போதும். எழும்போது கையை ஊன்றி உந்தாமல், பாதங்களை அழுத்தி மூச்சை இழுத்தபடி எழுங்கள். பிறகு இடப்பக்கம் செய்யுங்கள்.

கழுத்துவலி, தலைச்சுற்றல், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மேலே பார்க்க வேண்டாம். நேராகவோ கீழேயோ பார்க்கலாம். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோ மரப்போ இருந்தால், மருத்துவரைக் காணாமல் இதைத் தொடங்கக் கூடாது.

வீட்டில் ஒருவரைச் செல்போனில் படமெடுக்கச் சொல்லுங்கள். போனை உங்கள் இடுப்பு உயரத்தில், நேர் எதிரே பிடிக்க வேண்டும். மேலிருந்தோ பக்கத்திலிருந்தோ எடுத்தால் கோணங்கள் மாறித் தெரியும். பிறகு படத்தின் மேல் ஓர் அடிக்கோலை வால் எலும்பிலிருந்து தலை உச்சி வரை வையுங்கள். உடல் அந்தக் கோட்டோடு ஒட்டி நின்றால் சரி. நடுவில் வில்லாக விலகினால் முக்காலியை இன்னும் உயர்த்துங்கள்.