ஏடிபி: செல்லில் செல்லுபடியாகும் சில்லறை

அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏடிபி, மூன்று பகுதிகள் கோத்த ஒரு சிறு மூலக்கூறு. ஒரு முனையில் அடினின் இருக்கிறது. இது கார்பன், நைட்ரஜன் அணுக்களாலான இரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்ட தட்டையான காரம், டி.என்.ஏ.வில் இருப்பதும் இதே அடினின்தான். நடுவில் ஐந்து கார்பன் கொண்ட ரைபோஸ் என்ற சர்க்கரை. மறுமுனையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பாஸ்பேட் தொகுதிகள். கடைசி பாஸ்பேட் கழன்றால் எஞ்சுவது அடினோசின் டைபாஸ்பேட், இன்னொன்றும் கழன்றால் மோனோபாஸ்பேட். தமிழ் எழுத்தில் சுருக்கினால் டிரைபாஸ்பேட்டும் டைபாஸ்பேட்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், இந்தக் கட்டுரையில் ஏடிபி என்பது டிரைபாஸ்பேட்டை மட்டுமே குறிக்கிறது.

மூன்று பாஸ்பேட்டுகளும் ஒரே விதமாகப் பிணைக்கப்பட்டவை அல்ல. சர்க்கரையை ஒட்டிய முதல் பாஸ்பேட் எஸ்டர் பிணைப்பில் இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் பாஸ்பேட்டோடு பாஸ்பேட் சேரும் அன்ஹைட்ரைடு பிணைப்பில் நிற்கின்றன: இரண்டு பாஸ்பரஸ் அணுக்களுக்கு நடுவே ஓர் ஆக்சிஜன் பாலம். நீர் சேர்த்து உடைக்கும்போது இந்த வேறுபாடு எண்ணிலேயே தெரிகிறது. கடைசி அன்ஹைட்ரைடு பிணைப்பு உடைந்தால், ஆய்வகத் திட்ட நிலைமைகளில், மோலுக்கு 30.5 கிலோஜூல் ஆற்றல் வேலைக்குக் கிடைக்கும். ஏடிபியைப் பொறுத்தவரை ஒரு மோல் என்பது சுமார் 507 கிராம். மோனோபாஸ்பேட்டில் எஞ்சியிருக்கும் எஸ்டர் பிணைப்பை உடைத்தால் அதில் பாதிகூடக் கிடைக்காது. செல் ஏடிபியின் வெளிப்பக்கத்துப் பாஸ்பேட்டுகளை மட்டும் செலவழித்து, உள்ளே இருப்பதைத் தொடாமல் விடுவதற்கு இதுவே காரணம்.

1929இல் இந்த மூலக்கூறு இரண்டு இடங்களில் தனித்தனியே கண்டறியப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் லோமன் தசையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லப்பிரகட சுப்பாராவும் அதே பொருளுக்கு வந்து சேர்ந்தார்கள். சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உயிரிப்பொருளில் பாஸ்பரஸின் அளவை நிறத்தால் கணக்கிட இந்த இருவரும் 1925இல் வெளியிட்ட முறை இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ஏடிபி ஆற்றலைக் கடத்துகிறது என்ற கருத்தை 1941இல் தெளிவாக வரைந்து காட்டியவர் ஃபிரிட்ஸ் லிப்மன். அன்ஹைட்ரைடு பிணைப்பைக் காட்ட அவர் நெளிகோடு ஒன்றைப் பயன்படுத்தினார்; 'ஆற்றல் மிகுந்த பிணைப்பு' என்ற பெயரும் அதோடு பரவியது. வசதியான குறியீடுதான். ஆனால் பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது, உடைத்தால் வெளியே கொட்டும் என்ற தவறான எண்ணம் பாடப்புத்தகங்களில் நிலைத்துப்போனதில் அந்த நெளிகோட்டுக்கும் பங்கு உண்டு.

உண்மை நேர்மாறானது. எந்த வேதிப்பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகும். பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பும் விலக்கல்ல. ஏடிபி நீரோடு வினைபுரியும்போது பழைய பிணைப்புகள் உடைகின்றன, புதியவை உருவாகின்றன. தொடக்கத்தில் இருந்த ஏடிபியையும் நீரையும் விட, முடிவில் கிடைக்கும் டைபாஸ்பேட்டும் தனிப் பாஸ்பேட்டும் நிலைப்பு மிகுந்தவை. இந்த நிலைப்பின் வேறுபாடுதான் ஆற்றலாக வெளிப்படுகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, பிணைப்பில் என்ன இருக்கிறது என்பதல்ல. பிரிந்தபின் ஏன் இவ்வளவு நிம்மதி என்பதுதான்.

முதல் காரணம் மின்சுமை. செல்லின் நடுநிலைச் சூழலில் ஏடிபியின் மூன்று பாஸ்பேட்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ நான்கு எதிர்மின்சுமைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. கடைசி பாஸ்பேட் பிரிந்து போனால் அந்த நெருக்கம் தளர்கிறது. செல்லுக்குள் ஏடிபியோடு பெரும்பாலும் ஒரு மெக்னீசியம் அயனி ஒட்டிக்கொண்டிருக்கும். அது இந்த விலக்கத்தை ஓரளவு தணிக்கிறது, முழுவதும் போக்குவதில்லை. இரண்டாவது காரணம் எலக்ட்ரான்கள் பரவும் இடம். பால ஆக்சிஜனின் எலக்ட்ரான்களுக்காக இரு பக்கத்துப் பாஸ்பரஸ்களும் போட்டியிடுகின்றன. தனியே விடப்பட்ட பாஸ்பேட்டிலோ மின்சுமை அதன் ஆக்சிஜன்களிடையே தாராளமாகப் பரவிக்கொள்ளலாம். வேதியியலார் உடனிசைவு என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது காரணம் நீர். பிரிந்த இரு அயனிகளையும் நீர் மூலக்கூறுகள் நன்றாகச் சூழ்ந்துகொள்கின்றன. சேர்ந்திருந்தபோது அவ்வளவு நெருங்க முடியவில்லை.

இவ்வளவு பதற்றம் உள்ள மூலக்கூறு நீர் நிறைந்த செல்லில் தானாகவே ஏன் உடைந்துவிடுவதில்லை? எதிர்மின்சுமை அங்கேயும் குறுக்கிடுகிறது. பாஸ்பரஸைத் தாக்க வரும் நீர் மூலக்கூறின் எலக்ட்ரான்களை அந்தச் சுமைகள் தள்ளி நிறுத்துகின்றன. அதனால் கிளர்வு ஆற்றல் உயர்ந்து நிற்கிறது. நொதி இல்லாவிட்டால் ஏடிபி மிக மெதுவாகவே சிதையும். உடைந்தால் பெரும் லாபம், ஆனால் அனுமதி இல்லாமல் உடையாது: இந்த இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் ஏடிபி பயன்படுகிறது. எப்போது, எங்கே செலவழிப்பது என்பது நொதிகளின் கையில் இருக்கிறது.

ஏடிபியை நீரில் உடைத்தால் மட்டும் எந்த வேலையும் நடக்காது; சூடுதான் மிஞ்சும். ஆற்றல் எப்படி வேலையாகிறது என்பதைச் சிவப்பணுவில் பார்க்கலாம். மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. குளுக்கோஸைப் படிப்படியாகப் பிளந்து கிடைக்கும் ஏடிபியை மட்டுமே நம்பி அது சுமார் 120 நாள் வாழ்கிறது. அந்தப் பாதையின் முதல் படியில் குளுக்கோஸோடு ஒரு பாஸ்பேட் சேர வேண்டும். தனிப் பாஸ்பேட்டை நேரடியாகச் சேர்க்க மோலுக்கு 13.8 கிலோஜூல் தேவை. ஆகவே அது தானாக நடக்காது. ஏடிபியின் உடைவு 30.5 தருகிறது. இரண்டையும் ஒரே வினையாக்கினால் 16.7 கிலோஜூல் மிச்சம், வினை முன்னோக்கி ஓடும்.

கணக்கு இப்படி இருந்தாலும் வினை இரண்டு படியாக நடப்பதில்லை. ஹெக்சோகைனேஸ் என்ற நொதி ஏடிபியின் கடைசி பாஸ்பேட்டை எடுத்து நேராகக் குளுக்கோஸின் ஆறாம் கார்பனில் உள்ள ஆக்சிஜனில் மாற்றி வைக்கிறது. தனிப் பாஸ்பேட் என்று ஒன்று இடையில் தோன்றுவதே இல்லை. குளுக்கோஸ் வந்து அமர்ந்ததும் நொதியின் இரு மடல்களும் மூடிக்கொண்டு நீரை வெளியேற்றுகின்றன. இல்லாவிட்டால் எங்கும் நிறைந்திருக்கும் நீரே பாஸ்பேட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். இதைச் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. குளுக்கோஸுக்குப் பதில், ஆறாம் கார்பன் இல்லாத சைலோஸ் என்ற சர்க்கரையைக் கொடுத்தால் நொதி மூடிக்கொள்ளும். ஆறாம் கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு நுழைந்துகொள்ளும். ஏடிபி அந்த நீரால் வீணாக உடையும்.

30.5 என்ற எண்ணை நம்பி இங்கேயே நிறுத்தினால் கதை பாதிதான். அது வினைப்பொருள்கள் எல்லாம் ஒரு மோலார் செறிவில் இருப்பதாகக் கொண்ட எண். எந்தச் செல்லிலும் அப்படி இருப்பதில்லை. சிவப்பணுவில் ஏடிபி சுமார் 2.25 மில்லிமோலார், டைபாஸ்பேட் சுமார் 0.25, தனிப் பாஸ்பேட் சுமார் 1.65. இந்தச் செறிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது மோலுக்கு 52 கிலோஜூல் அளவு. கூடுதலாக வந்த 21 கிலோஜூலும் மூலக்கூறின் அமைப்பிலிருந்து வந்ததல்ல. ஏடிபி மிகுதியாகவும் டைபாஸ்பேட் குறைவாகவும் செல் விடாமல் வைத்திருப்பதால் வந்தது. வினையை அதன் போக்கில் சமநிலைக்கு விட்டிருந்தால் ஏறத்தாழ பத்துக் கோடி டைபாஸ்பேட்டுக்கு ஓர் ஏடிபிதான் எஞ்சியிருக்கும். அந்தக் கலவையிலும் ஏடிபியின் அமைப்பு மாறியிருக்காது, ஆனால் அதைக் கொண்டு எந்த வேலையும் வாங்க முடியாது. மூலக்கூறின் அமைப்பைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

டைபாஸ்பேட்டை மறுபடி ஏடிபி ஆக்குவது எப்படி என்பதில், ஏடிபியின் மதிப்பு நடுத்தரமாக இருப்பது உதவுகிறது. குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் மோலுக்கு 2,800 கிலோஜூலுக்கும் மேல் கிடைக்கும். ஒரு பாஸ்பேட்டை ஒட்டவைக்க அதைக் கொடுப்பது, டீக்கடையில் பெரிய ரூபாய்த் தாளை நீட்டுவது போன்றது. ஏடிபி அங்கே செல்லுபடியாகும் சில்லறை. குளுக்கோஸ் போன்றவற்றுக்குப் பாஸ்பேட்டைக் கொடுக்கும் அளவுக்கு அதன் மதிப்பு உயர்வு. அதே வேளையில், குளுக்கோஸ் பிளவின் பிற்பகுதியில் உருவாகும் பாஸ்போஈனால்பைருவேட்டின் மதிப்பு 62 கிலோஜூல் என்பதால், அது தன் பாஸ்பேட்டை டைபாஸ்பேட்டுக்குத் தடையின்றிக் கொடுக்கிறது. சிவப்பணு ஒரு குளுக்கோஸுக்கு முதலில் இரண்டு ஏடிபியைச் செலவழித்து, பின்னர் நான்கை ஈட்டுகிறது. நிகர லாபம் இரண்டு.

அந்த நான்கில் இரண்டு, பாஸ்போஈனால்பைருவேட்டின் பாஸ்பேட்டை மாற்றித்தரும் பைருவேட் கைனேஸ் என்ற நொதியால் கிடைப்பவை. பரம்பரையாக இந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு வேறு உறுப்புகள் ஓரளவு சமாளித்துக்கொள்கின்றன. மைட்டோகாண்ட்ரியா இல்லாத சிவப்பணுவுக்கு மாற்று வழி கிடையாது. ஏடிபி குறைந்தால், சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் சவ்வுப் பம்புகள் தளர்கின்றன. பொட்டாசியமும் அதோடு நீரும் கசிந்து அணு சுருங்கி விறைக்கிறது. மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. இரத்தசோகை, மஞ்சள் காமாலை, இரத்தத்தில் இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கை உயர்வு ஆகியவை சந்தேகத்தைக் கிளப்பும். நொதியின் செயல்திறனை இரத்த மாதிரியில் அளந்தும் மரபணுவைச் சோதித்தும் நோய் உறுதிசெய்யப்படுகிறது.

இரத்த வங்கியின் குளிர்பெட்டியிலும் இதே சிக்கல் மெதுவாக நடக்கிறது. பையில் உள்ள சிவப்பணுக்கள் குளிரிலும் குளுக்கோஸைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. நாள் செல்லச் செல்ல ஏடிபி குறைகிறது. குறைவு பாஸ்பேட்டில் மட்டுமல்ல. மோனோபாஸ்பேட் வரை இறங்கிய மூலக்கூறுகளில் ஒரு பகுதி சிதைந்து, அடினின் வளையமே கைவிட்டுப் போகிறது. சிவப்பணுவால் அந்த வளையத்தைப் புதிதாகக் கட்ட முடியாது. ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கும் அடினினை ரைபோஸ் பாஸ்பேட்டோடு சேர்த்து மோனோபாஸ்பேட் ஆக்கும் நொதி அதனிடம் உண்டு. அதனால்தான் சிட்ரேட், பாஸ்பேட், குளுக்கோஸ் கொண்ட சேமிப்புக் கரைசலில் அடினினும் சேர்க்கப்படுகிறது. அடினின் இல்லாத பழைய கரைசலில் இரத்தத்தை 21 நாள் வைத்திருக்க முடிந்தது. அடினின் சேர்த்தபின் அந்தக் கெடு 35 நாளாக நீண்டது.