பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்

கொடைக்கானலில் வீட்டு மாடியையோ பின்கட்டையோ சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறவர்கள், படத்துக்குக் கீழே நாலு வரி போடுவார்கள். மாதிரிக்கு ஒன்று: “நாயுடுபுரத்தில் ஹோம்ஸ்டே. டபுள் ரூம் 1,500 ரூபாய் முதல். ஃபேமிலி ரூம், டார்மிட்டரி உண்டு. வெந்நீர், பார்க்கிங் வசதி. பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்.”

இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் மே மாதம் இரண்டு பிள்ளைகளோடு கிளம்பும் குடும்பத்துக்கு இது போதாது. 1,500 என்பது ஆள் வராத ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை வாடகை. ஏப்ரல், மே சீசனில் அதே அறை 3,000 என்று வைத்துக்கொள்வோம். டபுள் ரூம் இருவருக்குத்தான். மெத்தை ஒன்றுக்கு 500 வீதம் கூடுதலாக இரண்டு போட்டால் ஓர் இரவுக்கு 4,000. இரண்டு இரவுக்கு 8,000. மூவாயிரத்தோடு முடியும் என்று வந்தவர் வாசலிலேயே சண்டைக்கு நிற்பார். சீசன் மே மாதத்தோடு முடிவதில்லை. பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ், பொங்கல், மூன்று நாள் சேர்ந்து வரும் லீவு எல்லாவற்றுக்கும் சீசன் வாடகைதான். அதனால் வாடகையைத் தேதி போட்டு எழுதுவதே நல்லது.

‘ஃபேமிலி ரூம்’ என்றால் சில வீடுகளில் இரண்டு கட்டில், சில வீடுகளில் ஒரு கட்டிலும் தரையில் மெத்தையும். கட்டில் எத்தனை, பாத்ரூம் உள்ளேயா வெளியேயா, கீசரா விறகு பாய்லரா என்று கேட்டுவிடுங்கள். விறகு பாய்லர் என்றால் வெந்நீர் காலையில் மட்டும் கிடைக்கலாம். டிசம்பர், ஜனவரி உறைபனியில் இது சின்ன விஷயமில்லை.

என்னைக் கேட்டால், மலை ஊரில் வாடகையைவிட வழிதான் முக்கியம். 10 நிமிடம் என்பது ஆட்டோவிலா, நடந்தா? வீடு ரோட்டுக்குக் கீழே சரிவில் இருந்தால் மேப்பில் புள்ளி ரோட்டிலேயே விழும். அங்கிருந்து அறுபது படி இறங்க வேண்டியிருக்கும். முட்டி வலிக்காரர் அதைப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? பார்க்கிங்கும் அப்படித்தான், மேலே ரோட்டோரம் என்றால் பெட்டிகளைச் சுமக்க வேண்டும். சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

அந்த நாலு வரியை நான் இப்படி மாற்றுவேன்: “டபுள் ரூம், உள்ளேயே பாத்ரூம், கீசர். இருவருக்கு: ஏப்ரல், மே மற்றும் விடுமுறை நாட்களில் 3,000, மற்ற நாட்களில் 1,500. கூடுதல் மெத்தை 500. பஸ் ஸ்டாண்டிலிருந்து 3 கிலோமீட்டர், ஆட்டோ வரும். ரோட்டிலிருந்து 60 படி இறக்கம். இருட்டிய பிறகு வருகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால், டார்ச்சோடு மேலே வந்து அழைத்துப் போகிறோம்.”