முதலிடத்தின் விலை

2013 கடைசியிலிருந்து 2018 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரம் ஓயாமல் ஓடியது. ஒரே ஹோட்டல் அறையை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு விலைக்கு விற்கிறது, குறைந்த விலையை நாங்கள் காட்டித்தருகிறோம் என்பதுதான் அதன் சாரம். விளம்பரம் செய்தது ட்ரிவாகோ. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டபோதுதான் அந்தத் தளத்தின் உள்கணக்கு வெளியே வந்தது.

அப்போது ட்ரிவாகோ அறை விற்கவில்லை. நம்மிடம் கட்டணமும் வாங்கவில்லை. நாம் ஒரு விலையைத் தொட்டால் அந்த முன்பதிவுத் தளத்துக்குப் போய்விடுவோம். அப்படி ஆளை அனுப்பிவைத்ததற்கு அந்தத் தளம் ட்ரிவாகோவுக்குக் காசு கொடுக்கும். நாம் அறை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தொட்டதற்கே காசு. ஒரு தொடுதலுக்கு எவ்வளவு என்பதை முன்பதிவுத் தளங்களே ஏலம் கேட்பதுபோல் சொல்லிவைக்கும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஒரே அறையை ஒரு தளம் 190 டாலருக்குத் தருகிறது. தொடுதலுக்கு 1 டாலர் கொடுக்கும். இன்னொன்று 200 டாலருக்குத் தருகிறது. தொடுதலுக்கு 3 டாலர் கொடுக்கும். நூறு பேர் தொட்டால் முதலாவதால் ஒப்பீட்டுத் தளத்துக்கு 100 டாலர், இரண்டாவதால் 300. எதை மேலே வைக்கத் தோன்றும்?

ட்ரிவாகோவின் கணினி விலையையும் பார்த்தது, இந்தத் தொகைக்கும் பெரிய மதிப்புக் கொடுத்தது. தேர்வான விலை பச்சை எழுத்தில் பளிச்சென்று நின்றது. அதைவிட மலிவானது இன்னொரு பொத்தானை அழுத்தினால்தான் தெரியும். தொடுதலுக்கான தொகை மிகவும் குறைவென்றால் சில விலைகள் பட்டியலுக்கே வரவில்லை. நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட தரவுகளின்படி, 66.8 சதவீதப் பட்டியல்களில் மலிவானது இருக்க, அதைவிடக் கூடுதல் விலையே முதலிடம் பிடித்திருந்தது.

இன்னொரு வித்தையும் இருந்தது. ஒரு பெரிய விலையை அடித்துவிட்டு, பக்கத்தில் பச்சையில் சிறிய விலை. பார்த்தால் தள்ளுபடிபோல் இருக்கும். சில நேரம் அடிக்கப்பட்டது சொகுசு அறையின் விலை. பச்சையில் இருந்தது சாதாரண அறையின் விலை.

பயனாளிகளைத் தவறாக வழிநடத்தியதாக 2020 ஜனவரியில் தீர்ப்பு வந்தது; மேல்முறையீடும் தோற்றது. 2022 ஏப்ரலில் விதிக்கப்பட்ட அபராதம் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர். முதலிடத்தை நம்பியவர்கள் 2016 கடைசியிலிருந்து 2019 செப்டம்பர் வரை ஏறத்தாழ 3.8 கோடி டாலர் கூடுதலாகக் கட்டியிருந்தார்கள்.

தொடுதலுக்குக் காசு வாங்குவது குற்றமில்லை. அதை மறைத்து, மலிவு என்று காட்டியதுதான் குற்றம். எந்த ஒப்பீட்டுத் தளத்தைத் திறந்தாலும் வரிசை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘பரிந்துரை’ என்றிருந்தால் ‘குறைந்த விலை முதலில்’ என்று மாற்றுங்கள். மாற்றியதும் முதலிடத்தில் இருந்தது கீழே இறங்கினால் விஷயம் புரிந்துவிடும். பிறகு அறை வகை, வரி, ரத்து விதி மூன்றும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். கடைசியாக ஹோட்டலுக்கே ஒரு போன் போடுங்கள். பட்டியலுக்கு வராத விலை அங்கே இருக்கலாம்.