ஒரு வட்டம் ஆறாகும்போது

இணையத்தில் கைத்தறிச் சேலை விற்கும் ஒரு சிறு கடைக்கு மென்பொருள் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலைக்கு வருபவர், கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வட்டம் போடுவார். அதற்குள் ‘சேலைக் கடை’ என்று எழுதுவார். சுற்றிலும் நான்கு பெட்டிகள் போடுவார்: வாடிக்கையாளர், பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே, கூரியர், சேலை அனுப்பும் நெசவாளர் சங்கம். வட்டத்துக்கும் பெட்டிகளுக்கும் இடையில் அம்புகள். ஒவ்வோர் அம்பின் மேலும் அதில் போகும் தகவலின் பெயர் இருக்கும். இதுதான் சூழல் வரைபடம். கடைக்குள் என்ன நடக்கிறது என்று இது சொல்லாது. எது உள்ளே வருகிறது, எது வெளியே போகிறது என்பதை மட்டும் சொல்லும்.

நம் கடையில் உள்ளே வருபவை ஏழு. வாடிக்கையாளரிடமிருந்து தேடல், ஆர்டர், ‘திருப்பி அனுப்புகிறேன்’ என்ற கோரிக்கை. கேட்வேயிடமிருந்து பணம் வந்ததா இல்லையா என்ற முடிவு. கூரியரிடமிருந்து பார்சலின் கண்காணிப்பு எண், டெலிவரி நிலவரம். சங்கத்திடமிருந்து சரக்குச் சீட்டு. வெளியே போகிறவை ஆறு: சேலை விவரம், ஆர்டர் உறுதி, பார்சல் செய்தி, பணம் கேட்கும் கோரிக்கை, கூரியருக்கான பார்சல் விவரம், சங்கத்துக்கான கொள்முதல் ஆணை. மொத்தம் பதின்மூன்று அம்புகள்.

வாடிக்கையாளர் தன் கார்டு எண்ணைத் தட்டுகிறாரே, அது எங்கே என்று கேட்கலாம். கேட்வேயின் பக்கத்திலேயே அதைத் தட்டினால், அது இரண்டு வெளியாட்களுக்கு இடையிலான விஷயம். கடையின் மென்பொருள் அதைப் பார்ப்பதே இல்லை. ஆகவே அதற்கு அம்பு கிடையாது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே யாராவது கோடு இழுத்திருந்தால், கடையின் எல்லை எதுவென்று அவருக்கு இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள்.

அடுத்த வேலை, அந்த ஒற்றை வட்டத்தைத் திறந்து முதல் நிலை வரைபடம் போடுவது. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். பலரும் கடையின் பிரிவுகளை அப்படியே வட்டங்களாக்கிவிடுவார்கள்: கணக்குப் பிரிவு, கிடங்கு, வாடிக்கையாளர் சேவை. பிரிவுகள் இன்று இருக்கும், நாளை மாறும். சிறிய கடையில் மூன்றும் ஒரே ஆள்தான். இன்னும் சிலர் ‘லாகின்’ என்று முதல் வட்டம் போட்டு ஆரம்பிப்பார்கள். மாணவர்களின் புராஜெக்ட் நோட்டுகளில் இது தவறாமல் இருக்கும். லாகின் என்பது உள்ளே வரும் வாசல். அதற்காக யாரும் கடைக்கு வருவதில்லை.

மெக்மெனமின், பால்மர் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைவிட நல்ல வழி ஒன்றைச் சொன்னார்கள். கடை எந்தெந்தச் சம்பவத்துக்குப் பதில் செய்தாக வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் சேலை தேடுகிறார். ஒருவர் ஆர்டர் போடுகிறார். பணம் பற்றிய முடிவு வருகிறது. பார்சல் அனுப்ப வேண்டிய நேரம் வருகிறது. சேலை திரும்பி வருகிறது. இருப்பு குறைகிறது. சம்பவத்துக்கு ஒன்றாக ஆறு செயல்முறைகள் கிடைத்துவிடும்: சேலை விவரம் காட்டு, ஆர்டரைப் பதிவு செய், பணத்தைச் சரிபார், பார்சலை அனுப்பு, திரும்பியதைக் கவனி, சரக்கு வாங்கு. ஒவ்வொரு பெயரும் ஒரு வேலையைச் சொல்வதைக் கவனியுங்கள். ‘ஆர்டர் மேலாண்மை’ என்று பெயர் வைத்தால் அதற்குள் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம்; அந்தப் பெயரால் பயனில்லை.

ஆறு வட்டங்கள் வந்ததும், தகவலை வைத்திருக்க ஓர் இடம் தேவைப்படுகிறது. ஆர்டர் இன்று வருகிறது, பார்சல் நாளை போகிறது. இடையில் அந்த ஆர்டர் எங்காவது தங்க வேண்டும். சூழல் வரைபடத்தில் இல்லாத தரவுச் சேமிப்புகள் இங்கேதான் முதன்முதலாகத் தலைகாட்டுகின்றன. நம் கடைக்கு இரண்டு போதும்: சேலை இருப்பு, ஆர்டர் ஏடு. ஒரு சேமிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் தானாக நகராது. நடுவில் ஏதாவது ஒரு செயல்முறை இருந்தாக வேண்டும்.

இப்போது பென்சிலை எடுத்துக்கொண்டு, சூழல் வரைபடத்தின் பதின்மூன்று அம்புகளையும் ஒவ்வொன்றாகப் புதிய படத்தில் தேட வேண்டும். கிடைத்ததும் ஒரு டிக். தேடல் முதல் வட்டத்துக்குப் போகிறது, ஆர்டர் இரண்டாவதுக்கு, கண்காணிப்பு எண்ணும் டெலிவரி நிலவரமும் நான்காவதுக்கு. பதின்மூன்றும் இருக்க வேண்டும். மேலே இல்லாத புதிய அம்பு எதுவும் வெளியாளைத் தொடக் கூடாது. இதற்குச் சமநிலைப்படுத்துதல் என்று பெயர்.

நம் படத்தில் பதின்மூன்றுக்கும் டிக் விழுந்துவிட்டது. ஆனாலும் படம் சரியில்லை. ஐந்தாவது வட்டத்தைப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கோரிக்கை உள்ளே போகிறது. எதுவும் வெளியே வரவில்லை. உள்ளே போனது திரும்பாத இந்த மாதிரி வட்டத்தைத் துறையில் கருந்துளை என்பார்கள். இதற்கு நேர்மாறாக, எதையும் வாங்காமல் எதையோ வெளியே தரும் வட்டத்துக்கு ‘அற்புதம்’ என்று கிண்டலாகப் பெயர். நம் கடையில் விட்டுப்போனவை என்னென்ன? பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி கேட்வேக்குப் போக வேண்டிய கோரிக்கை. ‘ஏற்றுக்கொண்டோம்’ அல்லது ‘ஏற்கவில்லை’ என்று வாடிக்கையாளருக்குச் சொல்லும் பதில். திரும்பி வந்த சேலை இருப்பில் ஏற வேண்டும், அதுவும் இல்லை. முதல் இரண்டும் கடையின் எல்லையைத் தாண்டுகிறவை. ஆகவே மேலே போய்ச் சூழல் வரைபடத்தையும் திருத்த வேண்டும். அம்புகள் இப்போது பதினைந்து. மூன்றாவது கடைக்குள்ளேயே முடிவதால் கீழ்ப் படத்தில் மட்டும் சேரும். மேல் படம் ஒருமுறை முடிந்தால் முடிந்ததுதான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கீழ்ப் படத்தை மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

இன்னொரு ஓட்டை அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. கைத்தறியில் ஒரு வடிவத்தில் ஒரே ஒரு சேலைதான் இருக்கும் என்பது சகஜம். அதை இரண்டு பேருக்கு விற்றுவிடாமல் இருக்க, ஆர்டர் பதிவாகும்போதே அந்தச் சேலையை இருப்பில் ஒதுக்கிவைக்க வேண்டும். ஆகவே இரண்டாவது வட்டத்திலிருந்து சேலை இருப்புக்கு ஓர் அம்பு. சரி, பணம் வரவில்லையென்றால்? ஒதுக்கியதை யார் விடுவிப்பது? மூன்றாவது வட்டத்திலிருந்தும் இருப்புக்கு ஓர் அம்பு வேண்டும். அது இல்லாமல் மென்பொருள் எழுதினால், பாதியில் விட்டுப்போன ஒவ்வோர் ஆர்டரும் ஒரு சேலையைப் பூட்டிவைத்துக்கொள்ளும். அலமாரியில் சேலை இருக்கும், இணையத்தில் ‘இருப்பு இல்லை’ என்று காட்டும். வட்டத்துக்குள் ஏதோ போகிறது, ஏதோ வருகிறது என்பதால் இதைக் கருந்துளைச் சோதனை பிடிக்காது. ‘இது நடக்காவிட்டால் என்ன?’ என்று ஒவ்வோர் அம்பையும் கேட்டால்தான் பிடிபடும்.

பணம் வர எத்தனை நிமிடம் காத்திருப்பது, எது முதலில் நடக்கும் என்பதையெல்லாம் இந்தப் படம் சொல்லாது. அம்புகள் தகவல் போகும் வழியைக் காட்டுகின்றன, நேரத்தை அல்ல. வட்டங்களுக்குப் போடும் எண்களும் அடையாளத்துக்குத்தான். ஒன்று முடிந்துதான் இரண்டு என்று படிக்கக் கூடாது. வரிசை தெரிய வேண்டுமானால் அதற்குத் தனியாகப் பாய்வு விளக்கப்படம் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறையும் அடுத்த நிலைக்கு உடைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘சேலை விவரம் காட்டு’ என்பதை அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். அதை அப்படியே விடுங்கள். ‘திரும்பியதைக் கவனி’ மட்டும் வேறு கதை. கிழிந்து வந்த சேலை, நிறம் மாறி வந்த சேலை, கெடு தாண்டி வந்த கோரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டு. இந்தக் கடைக்கு இரண்டாம் நிலை வரைபடம் போட நேரமிருந்தால், முதலில் அந்த வட்டத்தைத் திறங்கள்.