திடுக்கிட வைக்காத செல்போன்

பிறருக்குச் சாதாரணமாகக் கேட்கும் ஒலி சிலருக்குக் காதில் குத்துவதுபோல் வலிக்கும். மருத்துவம் இதை ஹைபராகுசிஸ் என்கிறது. காது இரைச்சல், தலைக்காயம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றோடும், ஆட்டிசம் உள்ளவர்களிடமும் இது அடிக்கடி காணப்படுகிறது. இவர்களை அதிகம் வாட்டுவது எதிர்பாராமல் வெடிக்கும் ஒலி. நாள் முழுக்கக் கையருகில் இருக்கும் செல்போன்தான் அப்படிப்பட்ட ஒலிகளின் முதல் ஊற்று.

ஒலியின் அளவு மட்டும் உடலைத் திடுக்கிடச் செய்வதில்லை. அது எவ்வளவு வேகமாக எழுகிறது என்பதும் சேர்ந்தே செய்கிறது. நொடியின் சிறு பகுதிக்குள் உச்சத்தைத் தொடும் மணியோசைக்குக் கழுத்தும் தோளும் தாமாகவே இறுகும். அதே ஓசை பத்து நொடியில் மெல்ல ஏறினால் அந்த அனிச்சைச் செயல் பெரும்பாலும் எழாது. ஆகவே சத்தத்தைக் குறைப்பதைவிட, அது தொடங்கும் விதத்தை மாற்றுவதே முதல் வேலை.

கூகுள் பிக்சல் போன்ற சில ஆண்ட்ராய்டு போன்களின் அதிர்வு அமைப்புகளில் Vibrate first then ring gradually என்றொரு வசதி உண்டு. அழைப்பு வந்ததும் போன் முதலில் அதிரும், பிறகு ரிங்டோன் தாழ்ந்து தொடங்கி ஏறும். கூகுளின் கடிகாரச் செயலியில் அலாரத்துக்கும் இதேபோல் படிப்படியாக ஒலியைக் கூட்டும் அமைப்பு உள்ளது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கண்ணாடி மேசையிலோ இரும்பு அலமாரியிலோ கிடக்கும் போன் அதிர்ந்தால் அந்தக் கடகடப்பே ரிங்டோனைவிட மோசம். அடியில் மடித்த துண்டு ஒன்று இருந்தால் போதும்.

இந்த வசதி இல்லாத போனில் ரிங்டோனையே அப்படித் தயாரித்துக்கொள்ளலாம். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 30 நொடிப் பாட்டுத் துண்டு ஒன்றைத் திறந்து, முதல் 10 நொடியைத் தேர்ந்து, Effect பட்டியலில் Fade In கொடுத்து, எம்பி3 கோப்பாகச் சேமித்து, போனின் Ringtones என்ற கோப்புறையில் வைத்தால் அமைப்புகளில் அதைத் தேர்ந்துகொள்ளலாம். இந்தியாவில் செல்போன் அழைப்பு 30 நொடி ஒலிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் விதித்தது. ஏற்றத்துக்குப் பத்து நொடி போனாலும் எடுத்துப் பேச இருபது நொடி மிஞ்சும். துண்டு எட்டு நொடிதான் என்றால் அது திரும்பத் திரும்ப ஓடும். ஒவ்வொரு சுற்றும் மறுபடி தாழ்வில் தொடங்குவதால் அழைப்பே காதில் விழாமல் போகலாம். மணி, மத்தளம் இல்லாத, புல்லாங்குழல்போல் இழையும் இசை இதற்குப் பொருந்தும். செய்து முடித்ததும் பக்கத்து அறையிலிருந்து வேறொரு போனில் அழைக்கச் சொல்லிச் சோதிப்பது நல்லது.

அடுத்த சிக்கல், ஒலிப் பொத்தானை அழுத்திக் குறைத்தாயிற்று என்ற நம்பிக்கை. பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பொத்தான் பாட்டு, வீடியோ ஒலியை மட்டுமே மாற்றுகிறது. ரிங்டோன், அறிவிப்பு, அலாரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அளவுகள் உண்டு. அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சார்ஜரைச் செருகும்போதும் திரையைப் பூட்டும்போதும் வரும் ஒலிகளையும் அங்கேயே நிறுத்திவிடலாம்.

‘தொந்தரவு செய்யாதே’ நிலையிலும் ஒரு பொறி இருக்கிறது. Repeat callers இயங்கினால், ஒரே எண்ணிலிருந்து சற்று நேரத்தில் இரண்டாம் முறை வரும் அழைப்பு முழுச் சத்தத்தோடு ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் இந்த இடைவெளி 15 நிமிடம், ஐபோனில் 3 நிமிடம். அமைதியாக இருக்கும் என்று நம்பிய நேரத்தில் வருவதால் இதன் அடி பலமானது.

வீடியோக்களில் வசனம் தாழ்ந்தும் இசை ஓங்கியும் வரும். யூடியூபின் Stable volume அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்கிறது. ஐபோனில் Headphone Safety பகுதியில் உள்ள Reduce Loud Audio, ஹெட்போனில் குறிப்பிட்ட டெசிபலைத் தாண்டும் ஒலியைக் குறைக்கும். போனின் ஸ்பீக்கருக்கு இது பொருந்தாது.

இவ்வளவும் இருப்பதால் போனையே நிரந்தரமாக ஊமையாக்கி, காதையும் அடைத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அமைதியான இடத்திலும் காதடைப்பானோடு நாட்களைக் கழித்தால் செவியின் கூர்மை இன்னும் கூடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. தாழ்ந்த, எதிர்பார்த்த ஒலிகள் இருந்துகொண்டிருப்பதே நல்லது.

அரசின் பேரிடர் எச்சரிக்கை மட்டும் இந்த அமைப்புகளுக்குக் கட்டுப்படாது. சைலன்ட் நிலையிலும் அலறும். 2023இல் இந்தியாவில் நடந்த சோதனைகளில் பலர் இதை நேரில் கேட்டார்கள். சோதனைக்கு முன்னறிவிப்பு வந்தால் அந்த நேரம் முடியும்வரை போனை அணைத்து வைக்கலாம். சோதனை எச்சரிக்கைகளை மட்டும் நிறுத்தும் வசதியும் சில போன்களின் அவசர எச்சரிக்கை அமைப்புகளில் உண்டு. உண்மையான புயல், வெள்ள எச்சரிக்கைகளை அணைக்காமல் விட்டுவிட வேண்டும்.