சம்பளம் குறையப்போகிறது என்று தெரிந்தால், கடனை எத்தனை ஆண்டுக்கு வாங்குவது?

பெருந்துறை சிப்காட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய், அந்த இரண்டு சம்பளத்தை நம்பி வீடு கட்டும் குடும்பங்கள் நிறைய. வங்கிக்குப் போகும்போதே அவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: இந்த வருமானம் இப்படியே இருக்காது. குழந்தை பிறந்தால் ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கும். ஆர்டர் குறைந்தால் ஓ.டி. நின்றுபோகும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஆடை ஏற்றுமதியை நம்பியிருக்கும் இந்த வட்டாரத்துக்கு அந்தக் கவலை இன்னும் நெருங்கி வந்தது.

அதனால் பலரும் தவணைக் காலத்தை இப்போதே நீட்டி வைத்துக்கொள்கிறார்கள். அது புத்திசாலித்தனமா, வட்டிக்குத் தண்டமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கணவருக்கு 40,000 ரூபாய், மனைவிக்கு 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டில் மனைவி வேலையை விடப்போகிறார். வீட்டுக்கடன் 20 லட்சம், மாறும் வட்டி, இப்போதைக்கு 9 சதவீதம். பத்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் 25,335 ரூபாய்; மொத்த வட்டி 10.40 லட்சம். இருபது ஆண்டு என்றால் மாதம் 17,995 ரூபாய், வட்டி 23.19 லட்சம். இரண்டு மடங்குக்கும் மேல்.

வட்டி இப்படி ஏறுவதற்குக் காரணம் முதல் மாதத்திலேயே தெரியும். 20 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 15,000. இருபது ஆண்டுத் தவணையில் அது போக அசலுக்குப் போவது 2,995 ரூபாய்தான். பத்து ஆண்டுத் தவணையில் 10,335. இருபது ஆண்டுக் கடனை எடுத்தவர் மூன்று ஆண்டில் 6.48 லட்சம் கட்டியிருப்பார். அசலில் குறைந்திருப்பது 1.23 லட்சம்.

ஆனாலும் பத்து ஆண்டு என்று கையெழுத்துப் போட்டால், மூன்று ஆண்டு கழித்து ஒற்றைச் சம்பளத்தில் 63 சதவீதம் தவணைக்கே போய்விடும். அப்போது போய் காலத்தை நீட்டித் தரச் சொல்லலாம்தான். ஆனால் கட்ட முடியாத நெருக்கடியில் வங்கி நீட்டித் தந்தால் அது மறுசீரமைப்புக் கடனாகி, சிபில் அறிக்கையில் ஏறும். பிறகு வேறு கடன் கேட்கப் போனால் அது குறுக்கே நிற்கும். காலத்தைக் குறைப்பது கடன் வாங்கியவர் கையில் இருக்கிறது. நீட்டுவது வங்கி கையில்.

ஆகவே காகிதத்தில் இருபது ஆண்டு போட்டுக்கொண்டு, இரண்டு சம்பளம் வரும்வரை பத்து ஆண்டுத் தவணையைக் கட்டுவதே என் பார்வையில் சரி. அதாவது மாதம் 7,340 ரூபாய் கூடுதலாக, நேராக அசலுக்கு. மூன்று ஆண்டில் இப்படிப் போவது 2.64 லட்சம், பாக்கி 15.75 லட்சமாக இறங்கியிருக்கும். அதன்பின் 17,995 மட்டும் கட்டினாலும் கடன் ஏறக்குறைய பதினைந்தாம் ஆண்டில் முடியும். மொத்த வட்டி 14.84 லட்சம். ஒன்றும் கூடுதலாகக் கட்டாதவரைவிட 8.35 லட்சம் குறைவு. தனிநபர்கள் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க ரிசர்வ் வங்கி விதிப்படி அபராதம் கிடையாது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூடுதல் பணம் இன்னொரு ஆபத்தையும் தள்ளி வைக்கிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதம் 2.5 சதவீதப் புள்ளி ஏறியது. கூடுதலாக ஒன்றும் கட்டாதவருக்கு மூன்று ஆண்டு முடிவில் பாக்கி 18.77 லட்சம்; அப்போது வட்டி சுமார் 11.5 சதவீதத்தைத் தாண்டினால், மாத வட்டியே 18,000 ஆகிவிடும். 17,995 தவணை அதற்கே பற்றாது. வங்கி தவணையை ஏற்றியே ஆக வேண்டும், அதுவும் ஒற்றைச் சம்பளக் காலத்தில் வந்தால் சிரமம்தான். பாக்கி 15.75 லட்சமாக இருந்தால் அந்த நிலை வர வட்டி 13.7 சதவீதத்தைத் தொட வேண்டும்.

பிழை நேர்வது பணம் கட்டும் இடத்தில். கூடுதலாகக் கட்டியதை அசலில் கழிக்காமல் அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைத்துவிடுவது உண்டு. அப்படியானால் வட்டி துளியும் குறையாது. கட்டும்போதே 'பகுதி முன்கட்டணம், அசலில் வரவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். கட்டிய நாளிலேயே அசல் பாக்கி முழுத் தொகைக்கும் இறங்கியிருக்க வேண்டும். அடுத்த மாதத் தவணையும் வழக்கம்போல் பிடிக்கப்பட வேண்டும்.

கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இல்லாதவர்கள் முதலில் அதைச் சேர்ப்பது நல்லது. இல்லையென்றால் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடனைக் கேட்கலாம்: அதில் போட்டு வைத்த பணத்துக்கு வட்டி ஓடாது, தேவைப்பட்டால் எடுத்தும் கொள்ளலாம். வட்டி விகிதம்தான் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

மனைவியின் சம்பளம் நின்ற பிறகு 17,995 ரூபாயும் பாரமாகத் தெரிந்தால், காலத்தைக் குறைக்காமல் தவணையைக் குறைத்துத் தரும்படி வங்கியில் கேட்கலாம். 15.75 லட்சத்தை மீதி 17 ஆண்டுக்குப் பரப்பினால் தவணை சுமார் 15,100 ரூபாய்க்கு இறங்கும். மொத்த வட்டி ஏறக்குறைய 19.9 லட்சமாக ஏறும்.